ஆறு கட்டத்துக்கு ஆறு ஊர் எதற்கு?

மட்டக்களப்பில் சிறு வியாபாரங்களுக்கு அரை நிமிட விளம்பர வீடியோ எடுத்துக் கொடுப்பவர்களிடம் ஒரு நம்பிக்கை வேரூன்றி இருக்கிறது. ஆறு கட்டம் வரைந்தால் ஆறும் ஆறு விதமாக இருக்கவேண்டும் என்பது அது. முதல் கட்டத்தில் கல்லடிப் பாலம், அடுத்ததில் பாலமீன்மடு வெளிச்சவீடு, பிறகு கோட்டை மதில், பிறகு பாசிக்குடாக் கடல் என்று போய், கடைசியில் ஒரு மேசைமேல் பொருள் வந்து நிற்கும். ஆளும் அப்படித்தான் மாறுவார். பாலத்தில் ஒரு யுவதி, கோட்டையில் ஒரு முதியவர், கடற்கரையில் நாலு பிள்ளைகள். கேட்டால், போனில் பார்ப்பவர்கள் ஒரே முகத்தையும் ஒரே இடத்தையும் அரை நிமிடம் பொறுக்கமாட்டார்கள், விரலால் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள் என்பார்கள்.

விற்கும் பொருள் எருமைத் தயிர் என்று வைத்துக்கொள்வோம். 1628இல் போர்த்துக்கேயர் கட்டிய கோட்டைக்கும் நேற்றிரவு உறைந்த தயிருக்கும் என்ன உறவு என்று ஒருவரும் கேட்பதில்லை. ஊரின் அழகு பொருளின்மேல் தானாக ஒட்டிக்கொள்ளும் என்று நினைக்கிறார்கள். அது ஒட்டுவதில்லை. ஒவ்வொரு புது இடம் வரும்போதும் பார்ப்பவர் மனம் முதலில் இது எங்கே, இவர் யார், முன்னே வந்தவருக்கு இவர் என்ன முறை என்று தேடும். ஐந்து விநாடிக் கட்டத்தில் முதல் இரண்டு விநாடி இந்தத் தேடலில் போய்விட்டால், பார்ப்பதற்கு மிஞ்சுவது மூன்று. ஆறு முறை இடத்தையும் ஆளையும் மாற்றினால் அரை நிமிடத்தில் பன்னிரண்டு விநாடியை அறிமுகத்துக்கே செலவழித்திருப்போம். தயிரின் ஆடை எவ்வளவு தடிப்பு, அகப்பையில் எடுத்தால் உடையாமல் நிற்குமா என்று காட்ட நேரமே இருக்காது. வாங்குகிறவருக்குத் தெரியவேண்டியது அது ஒன்றுதான்.

இவர்கள் பயப்படும் சலிப்பு உண்மையான பயம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் சலிப்புக்குக் காரணம் இடம் மாறாதது அல்ல, தூரமும் செயலும் மாறாததே. ஒரே விறாந்தையை ஒருமுறை எட்டத்தில் நின்றும், ஒருமுறை இடுப்புக்கு மேலும், ஒருமுறை கையை மட்டும் கிட்டத்திலும் பார்த்தால் அவை மூன்று வேறு காட்சிகள். அடுத்தடுத்த இரு கட்டங்களுக்கிடையே அளவு தெளிவாக மாறவேண்டும், அல்லது கமரா குறைந்தது முப்பது பாகையாவது நகரவேண்டும் என்று படத்தொகுப்பாளர்கள் சொல்வது இதற்காகத்தான். கொஞ்சமாக மாறினால் படம் துள்ளி விழுந்ததுபோல் இருக்கும். நன்றாக மாறினால் கண் புதிதாகப் பார்க்கும், மனமோ முன்பு தெரிந்துகொண்டதை வைத்தே தொடரும். இடத்தை நிறுத்தி அளவை மாற்றுவது இந்த இரண்டையும் தருகிறது. இடத்தை மாற்றுவது முதலாவதை மட்டுமே தருகிறது.

இந்த இடத்தில் கொஞ்சம் படித்தவர்கள் குலெஷோவை இழுத்து வருவார்கள். 1920களின் தொடக்கத்தில் அந்த ரஷ்ய இயக்குநர் மொஸ்கோ வீதியில் இருவரைச் சந்திக்க வைத்து, அவர்கள் பார்க்கும் கட்டிடமாக அமெரிக்க வெள்ளை மாளிகையை ஒட்டி, பின்பு மொஸ்கோவின் படிக்கட்டு ஒன்றில் அவர்களை ஏறவைத்தார். பார்த்தவர்கள் எல்லாம் ஒரே ஊர் என்று நம்பினார்கள். எனவே வெட்டி ஒட்டினால் எந்த இடமும் எந்த இடத்தோடும் சேரும் என்பது வாதம். அவர் எதை மாற்றாமல் வைத்திருந்தார் என்பதை மட்டும் விட்டுவிடுகிறார்கள். அதே இருவர், அவர்கள் பார்த்த திசை, அவர்கள் நடந்த நடை. ஆளைப் பிடித்து நிறுத்தியதால்தான் இடம் ஒட்டியது. நம்மவர்கள் ஆளையும் விட்டுவிட்டு இடத்தையும் விட்டுவிட்டுக் குலெஷோவை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள்.

சரி, ஒரே இடம் என்றால் எப்படி என்று ஒரு ஸ்டோரிபோட்டையே எடுத்துப் பார்க்கலாம். பொருள் தயிர்ச்சட்டி. இடம் படுவான்கரையில் வாவியைப் பார்த்த ஒரு கிடுகு வீட்டு விறாந்தை. ஆட்கள் இருவர்: அம்மம்மா, எட்டு வயதுப் பேரன். முதல் கட்டம் எட்டக் காட்சி. பன்பாயில் அம்மம்மா இருக்கிறா, எதிரே பேரன், நடுவில் சட்டி, பின்னால் வாவி. ஐந்து விநாடி. இரண்டாவதில் அம்மம்மா இடுப்புக்கு மேல், சட்டியின் வாயைக் கட்டிய கயிற்றை அவிழ்த்துக் கடதாசியை எடுக்கிறா. நாலு விநாடி. மூன்றாவது கிட்டக் காட்சி, சிரட்டை அகப்பை தயிருக்குள் இறங்கி ஒரு துண்டைத் தூக்குகிறது. இதற்கு ஆறு விநாடி, வீடியோவின் உயிர் இதுதான். நாலாவதில் பேரன், நீட்டிய கையில் கோப்பை, “இந்தா மனே” என்ற குரல் மட்டும். ஐந்தாவது மறுபடி கிட்டே, தயிரின்மேல் கித்துள் பாணி வழிகிறது. ஆறாவது முதல் கட்டத்தின் அதே எட்டக் காட்சி. சட்டி பாதி காலி, கீழே கடையின் பெயரும் விலையும். கடைசி மூன்றுக்கும் ஐந்து ஐந்து விநாடி. எல்லாம் சேர்த்து முப்பது.

இதை வரையத் தொடங்குமுன் வேறொரு தாளில், கூரையை எடுத்துவிட்டு மேலேயிருந்து பார்த்ததுபோல் விறாந்தையின் கிடைப்படம் ஒன்றைப் போடவேண்டும். சுவர் மேற்கே, வாவி கிழக்கே. அம்மம்மா சுவர்ப்பக்கம் இருந்து கிழக்கே பார்க்கிறா. பேரன் வாவிப்பக்கம் இருந்து மேற்கே பார்க்கிறான். இருவரையும் இணைத்து ஒரு கோடு கிழித்தால், கமரா ஆறு கட்டத்திலும் அந்தக் கோட்டின் தெற்குப் பக்கத்திலேயே நிற்கவேண்டும். அப்போது அம்மம்மா எப்போதும் திரையின் இடப்பக்கம், வலப்பக்கம் பார்த்தபடி. பேரன் எப்போதும் வலப்பக்கம், இடப்பக்கம் பார்த்தபடி. ஒரே ஒரு கட்டத்துக்கு வடக்கே தாண்டிப் போனால், இருவரும் ஒரே திசையில் பார்ப்பதுபோல் ஆகி, தயிரைக் கொடுப்பவரும் வாங்குபவரும் முதுகுப் பொருத்தம் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கற்பனையிலிருந்து நேரே கட்டங்களை வரைகிறவர்களுக்கு இந்தப் பிழை கடைசிவரை தெரியாது, ஒவ்வொரு படமும் தனித்தனியே அழகாகத்தான் இருக்கும். கிடைப்படத்திலிருந்து வரைகிறவருக்கு அது பென்சில் வைக்கும்போதே தெரியும்.

எழுவான்கரை, படுவான்கரை என்று கரைகளைப் பிரித்து வாழ்கிற ஊர் இது. சூரியன் வாவியின்மேல் எழுந்தால் நாம் நிற்பது படுவான்கரை; வாவியின்மேல் விழுந்தால் எழுவான்கரை. மண்முனைக்கு 2014இல் பாலம் வரும்வரை பாதையில் ஏறி அக்கரை போய் வந்தவர்களுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. காலையில் நீர்மேல் சூரியன் எழுகிற கட்டத்தையும் மாலையில் நீர்மேல் அது இறங்குகிற கட்டத்தையும் ஒரே வீட்டின் கதையாக ஒட்டினால், கொழும்பில் ஒருவருக்கும் தெரியாது. சட்டியை வாங்கப்போகிற கொக்கட்டிச்சோலைக்காரருக்கும் ஆரையம்பதிக்காரருக்கும் தெரியும்.

வெளிச்சத்தைப் பற்றி நடப்பு அபிப்பிராயம் இன்னும் பிடிவாதமானது. வாவி என்றால் சூரிய உதயம், அதைவிட்டால் படமே இல்லை. கணக்கைப் பாருங்கள். சூரியன் மணிக்குப் பதினைந்து பாகை நகரும். மட்டக்களப்பு பூமத்திய கோட்டிலிருந்து ஏறக்குறைய 7.7 பாகைதான் வடக்கே. ஆகவே இங்கே அது கிட்டத்தட்ட நேர் செங்குத்தாக ஏறும். அடிவானத்திலிருந்து பதினைந்து பாகை உயரத்துக்குப் போக ஒரு மணி நேரமே எடுக்கும். அந்தப் பொன் வெளிச்சத்தில் ஆறு கட்டத்தையும் எடுத்து முடிப்பது கைதேர்ந்த குழுவுக்கே கஷ்டம். இரண்டாவது கட்டத்தை எடுக்கும்போது அம்மம்மாவின் நிழல் சுவரில் கிடக்கும். ஐந்தாவதில் அது பாயில் வந்து சுருண்டிருக்கும். வாவியும் மாறிவிடும். விடியலில் கண்ணாடியாகக் கிடந்த நீர், காற்று எழுந்ததும் சுருக்கம் விழுந்து வேறு நிறமாகும். முதல் கட்டமும் ஆறாவது கட்டமும் ஒரே காட்சி என்று வரைந்திருக்கிறோம். நீர்மேற்பரப்பே அதைப் பொய்யாக்கிவிடும். போதாக்குறைக்கு, கிழக்கு நோக்கிய விறாந்தையில் காலையில் வாவியைப் பின்னணியாக வைத்தால் பேரன் கறுத்த உருவமாக மட்டுமே தெரிவான்.

அதே விறாந்தையைப் பகல் ஒரு மணிக்குப் பிறகு பாருங்கள். சூரியன் வீட்டின் பின்பக்கம் போய்விட்டது. கூரையின் நிழல் விறாந்தை முழுவதும் விழுந்து கிடக்கிறது. கிழக்கு வானத்திலிருந்தும் நீரிலிருந்தும் வருகிற மென்மையான வெளிச்சம் அம்மம்மாவின் முகத்தில் நேரே படுகிறது. மேற்கேயிருந்து வெயில் விழுவதால் வாவி எரியாமல் தன் நிறத்தோடு இருக்கிறது. பேரனின் முகம் மட்டும் சற்று இருட்டு. சுவர்ப்பக்கம், கமராவுக்குத் தெரியாமல், ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டித் தொங்கவிட்டால் அதுவும் சரியாகும். இந்த நிலைமை பெரிய மாற்றமின்றி நாலு மணிவரை நீடிக்கும். மூன்று மணி நேரம் ஆறு கட்டத்துக்குத் தாராளம். கதையில் நேரம் என்ன என்றால், பகல் சோற்றுக்குப் பிறகு. தயிர் உண்கிற நேரமும் அதுதானே. உதயத்தில் யார் பேரனுக்குத் தயிர் கொடுக்கிறார்கள்?

இதில் ஒரு பக்கக் குறிப்பு. மேலைநாட்டுப் புகைப்பட நூல்களைப் படித்துவிட்டு வடக்குப் பார்த்த சன்னல், வடக்குப் பார்த்த விறாந்தைதான் நிலையான வெளிச்சம் தரும் என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் ஊரில் சூரியன் என்றும் தெற்கே நிற்கும், அங்கே அது சரி. நமக்கு ஏப்ரல் 10ஆம் திகதியளவில் உச்சிச் சூரியன் தலைக்கு நேரே வந்து, அதன்பின் செப்டெம்பர் தொடங்கும்வரை நண்பகலில் வடக்கே நிற்கும். ஆனி ஆடியில் வடக்கு விறாந்தையில்தான் வெயில். அந்த மாதங்களில் தெற்கு விறாந்தையைத் தேடவேண்டும். மார்கழி தையில் வடக்கு. மழையை வேறு பார்த்துக்கொள்ளவேண்டும்.

ஆட்களை எப்படி நிலையாக வைத்திருப்பது? உடுப்பை மாற்றாதே என்று சொன்னால் போதும் என்கிறார்கள். போதாது. ஓர் ஆளை எட்டத்தில் நாம் அடையாளம் காண்பது முகத்தால் அல்ல, வெளி உருவத்தால். இடைத்தூரத்தில் முகம். கிட்டக் காட்சியில் முகமே இல்லை, கை மட்டும். ஆகவே ஒவ்வொரு பாத்திரத்துக்கும் மூன்று தூரத்துக்கும் மூன்று அடையாளம் ஸ்டோரிபோட்டின் ஓரத்திலேயே எழுதிவைக்கவேண்டும். அம்மம்மாவுக்கு: எட்டத்தில் பின்கொண்டையும் கருநீலச் சீத்தைச் சேலையும், நடுத்தூரத்தில் முகமும் மூக்குத்தியும், கிட்டத்தில் அகப்பை பிடித்த வலக்கையில் இரண்டு கண்ணாடிக் காப்பு. அந்தக் காப்பு முதல் கட்டத்திலேயே கொஞ்சமாவது தெரியவேண்டும், இரண்டாவதில் நன்றாகத் தெரியவேண்டும். இல்லாவிட்டால் மூன்றாவது கட்டத்தில் வரும் கை யாருடையதோ ஒரு கை. நடைமுறையில் கிட்டக் காட்சிகளை இன்னொரு நாள் இன்னொரு பெண்ணின் கையை வைத்து எடுப்பவர்கள் நிறைய. வயதான கை திடீரென்று இருபது வயதுக் கை ஆகிவிடும். பார்ப்பவர் ஏன் என்று சொல்லமாட்டார், ஏதோ பொய் என்று மட்டும் உணர்வார்.

இடத்துக்கும் அதே கணக்கு. பேரனைக் காட்டும்போது பின்னால் வாவியும் விறாந்தைத் தூணும் இருக்கும். அம்மம்மாவைக் காட்டும்போது பின்னால் வெறும் சுவர். அந்தச் சுவர் எந்த வீட்டுச் சுவராகவும் இருக்கலாம். ஆகவே முதல் கட்டத்தில் சுவரோரம் ஓர் உறி தொங்கவேண்டும், அதில் இரண்டு சட்டி. இரண்டாவது கட்டத்தில் அவ தோளுக்குப் பின்னால் அதே உறி தெரிந்தால் நாம் வீட்டைவிட்டு நகரவில்லை என்பது ஒரு கணத்தில் புரிந்துவிடும். கமராவின் உயரத்தைச் சரிபார்க்க வாவியே உதவும். போனை அம்மம்மாவின் கண்மட்டத்தில் வைத்தால், அக்கரையின் நீர்க்கோடு எட்டக் காட்சியில் அவ கண்ணுக்கு நேரே ஓடும். பேரன் கட்டையானவன், அவனுக்கு அது உச்சந்தலையை ஒட்டி ஓடும். கமரா கிட்டப் போனாலும் எட்டப் போனாலும் உயரம் மாறாதவரை இந்தக் கோடு உடம்பில் வெட்டும் இடம் மாறாது. முதல் கட்டத்தில் உச்சந்தலையில் இருந்த கோடு நாலாவதில் அவன் கழுத்துக்கு இறங்கியிருந்தால், வரைந்தவர் கமராவைத் தாழ்த்திவிட்டார் என்று பொருள். அழித்துவிட்டு மறுபடி வரையவேண்டியதுதான்.

எல்லாவற்றிலும் பொல்லாத பாத்திரம் தயிர்தான். ஆறு கட்டத்தையும் ஒரே சட்டியில் எடுத்துவிடலாம் என்று போகிறவர்கள் மூன்றாவது கட்டத்திலேயே மாட்டிக்கொள்வார்கள். அகப்பை ஒருமுறை இறங்கினால் ஆடை கிழிந்துவிடும். வெட்டிய குழியில் சில நிமிடங்களிலேயே தெளிநீர் ஊறும். இரண்டாம் முறை எடுக்க அந்தச் சட்டி உதவாது. ஆகவே கூடுதல் சட்டிகள் வேண்டும். அங்கேயும் ஒரு பொறி இருக்கிறது. சட்டி மெருகிடாத சுட்ட மண். பாலின் நீரை உறிஞ்சி வெளிப்பக்கம் கறுக்கும். புதிதாக உறைந்தது ஒரு நிறம், இரண்டு நாள் பழையது இன்னொரு நிறம், தயிரே ஊற்றாத வெறும் சட்டி வெளிறிய வேறு நிறம். மேலே மூடிய கடதாசியைக் கட்டிவிட்டால் உள்ளே ஒன்றும் இல்லாத சட்டியும் சரி என்று முதல் கட்டத்தில் வைத்துவிடுவார்கள். மூன்றாவதில் திடீரென்று சட்டி கறுத்துப்போயிருக்கும். ஒரே குயவர் ஒரே சூளையில் சுட்ட சட்டிகளில், ஒரே இரவில் ஒரே பாலை உறையவைத்து, எல்லாவற்றையும் அடுத்த நாளே எடுத்துவிடவேண்டும். ஸ்டோரிபோட்டின் ஒவ்வொரு கட்டத்தின் கீழும் சட்டியின் நிலையை ஒரு சொல்லில் எழுதவேண்டும்: கட்டியது, அவிழ்த்தது, முதல் வெட்டு, கால் போனது, பாணி விட்டது, பாதி. நடிகரின் பெயரை எழுத மறந்தாலும் பரவாயில்லை, இதை மறந்தால் ஆறாவது கட்டத்தில் நிறைந்த சட்டி வந்து சிரிக்கும்.

போனும் தன் பங்குக்குக் கெடுக்கும். வெள்ளைத் தயிர் திரையை நிறைத்தால், வெளிச்சம் அதிகம் என்று எண்ணிப் போன் தானாக இருட்டாக்கும், தயிர் சாம்பல் நிறமாகும். வாவியைக் கண்டதும் நிறத்தை இன்னொரு பக்கம் திருப்பும். முதல் கட்டத்தில் திரையை அழுத்திப் பிடித்து வெளிச்சத்தைப் பூட்டவேண்டும். நிறச்சமநிலையையும் கையால் வைத்துக்கொள்ள இடமிருந்தால் இன்னும் நல்லது.

இவ்வளவும் பெரிய படக் கொம்பனிகளுக்குச் சரி, போனும் இரண்டு பேருமாகப் போகிற நமக்கு எதற்கு என்ற கடைசி வாதம் இருக்கிறது. நேர் எதிராகச் சொல்வேன். சத்யஜித் ராய் கல்கத்தாவில் டி. ஜே. கீமர் என்ற விளம்பர நிறுவனத்தில் வேலைபார்த்தவர். 1955இல் வெளியான ‘பதேர் பாஞ்சாலி’யை அவர் முறையான திரைக்கதைப் பிரதியாக எழுதியதைவிட, ஒரு பயிற்சிப் புத்தகத்தில் படங்களாக வரைந்து வைத்திருந்தார் என்பது பிரசித்தம். பணம் இல்லாமல் படப்பிடிப்பு நின்று நின்று வருடக்கணக்கில் இழுத்தது. நாணல் பூத்த வெளியில் பிள்ளைகள் ரயிலைப் பார்க்க ஓடுகிற காட்சியில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு அடுத்த வாரம் போனால், பூவையெல்லாம் மாடுகள் தின்றுவிட்டிருந்தன. அடுத்த பருவம் பூக்கும்வரை காத்திருந்து மிச்சத்தை எடுத்தார்கள். மிட்டாய் விற்பவராக நடித்தவர் இடையில் இறந்துபோக, மூங்கில் தோப்பிலிருந்து வருகிறவர் ஒருவராகவும், முதுகு காட்டி வாசலுக்குள் நுழைகிறவர் அதே உடல்வாகுள்ள இன்னொருவராகவும் ஆனார்கள். திரையில் பார்ப்பவருக்கு அது ஒரே ஆள். எந்தப் பக்கத்திலிருந்து, எந்த அளவில், எந்தத் திசையில் அந்தக் கட்டம் என்று முன்கூட்டியே கண்டுவைத்திருந்தால்தான் இப்படி ஒட்டமுடியும். பணமில்லாதவருக்குத்தான் ஸ்டோரிபோட் கட்டாயம். வரையத் தெரியாது என்பதும் ஒரு சாக்குத்தான். தலைக்கு ஒரு வட்டம், உடம்புக்கு ஒரு கோடு, நீர்க்கோடு, தூண், உறி. இவ்வளவு போதும்.

ஒரே இடம் என்ற கொள்கைக்கும் எல்லை உண்டு, அதை ஒளிக்கத் தேவையில்லை. உல்லாசப் பயணத்தை விற்கிறவருக்கு இடமே பொருள், அவர் ஆறு இடம் காட்டட்டும். தயிர்க்காரரும் எங்கள் பால் எங்கள் எருமையின் பால் என்று சொல்லவிரும்பினால் விறாந்தை போதாது. அப்போது இரண்டாவது கட்டத்தை விட்டுக்கொடுத்து எருமைப் பட்டியைக் கொண்டுவரலாம். ஆனால் அங்கே அதே அம்மம்மா, அதே கருநீலச் சேலையோடு, கையில் ஒரு பால் வாளியோடு நிற்கவேண்டும். அந்த வாளி முதல் கட்டத்தில் தூணடியில் கிடக்கவேண்டும். இடத்தை மாற்றுகிற உரிமையை ஆளும் பொருளும் சேர்ந்துதான் வாங்கித் தரமுடியும். நெடுக்குத் திரையில் வாவி எங்கே தெரியப்போகிறது என்ற புகாருக்கும் விடை கிடைப்படத்திலேயே இருக்கிறது. இருவரையும் திரையின் அகலத்தில் எதிரெதிரே பரப்பாமல், கோட்டைத் தாண்டாமலே கமராவைச் சுவர்ப்பக்கம் நகர்த்தி, அம்மம்மாவை முன்னுக்கும் பேரனைப் பின்னுக்குமாக ஆழத்தில் வைத்தால், அவர்களுக்குப் பின்னால் வாவிக்கு இடம் கிடைக்கும்.

செலவையும் சொல்லிவிடுகிறேன், ஆறு ஊர்க் கட்சிக்காரர்கள் பேசாத விஷயம் அது. மட்டக்களப்பு நகரிலிருந்து பாசிக்குடா முப்பது கிலோமீற்றருக்கும் மேல். வான் வாடகை, ஆட்களின் சாப்பாடு, ஒவ்வொரு இடத்திலும் சனக்கூட்டம் விலகும்வரை காத்திருத்தல், இரண்டாம் நாள் கூலி. விறாந்தையில் எடுத்தால் இவை ஒன்றும் இல்லை. மிஞ்சும் காசில் தாராளமாகச் சட்டிகள் வாங்கி அடுக்கிவைக்கலாம். மூன்றாவது கட்டம் எந்தக் குழுவுக்கும் முதல் அகப்பையிலேயே சரிவருவதில்லை.